90 ரூபா எங்கே போச்சு?

கேன்டீன்ல அக்கவுண்ட் வெச்சு சாப்பிட்ட அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். சில காலேஜ்ல அந்தக் கோடு போட்ட நோட்டு போய், இப்ப செல்போன்ல வாலட் வந்தாச்சு. முன்கூட்டியே பணத்தைப் போட்டு வைக்கணும், சாப்பிடச் சாப்பிடக் கழியும். ஐட்டம் தீர்ந்துபோச்சுன்னா காசு வாலட்டுக்கே திரும்பி வந்துடும். சில்லறைச் சண்டை கிடையாது. கேக்கவே ஜோரா இருக்குல்ல? ஆனா அந்த வாலட்டாலேயே ஒரு பையனுக்குத் திருட்டுப் பட்டம் கிடைச்ச கதை தெரியுமா?

ஒரு காலேஜ். பேரு வேணாம். ஃபைனல் இயர் பசங்க ரெண்டு பேர் ப்ராஜெக்ட்டுக்காக கேன்டீன் வாலட் ஒண்ணை ரெடி பண்ணி, அண்ணாச்சிகிட்ட பந்தாவா கொடுத்தாங்க. நல்லாவே ஓடுச்சு. செகண்ட் இயர் ஹாஸ்டல் தம்பி ஒருத்தன் திங்கக்கிழமை 300 ரூபா டாப்-அப் பண்ணான். செவ்வாய்க்கிழமை சாப்பாடு 60. புதன்கிழமை ஃப்ரைடு ரைஸ் 90. "தம்பி, ரைஸ் தீந்துடுச்சு"ன்னு சொல்லி கவுன்ட்டர்ல ரீஃபண்ட் பட்டனைத் தட்டினாங்க. நெட் ஸ்லோ. ஸ்கிரீன் அசையலை. மறுபடியும் ஒரு தட்டு. வியாழக்கிழமை டீயும் பஜ்ஜியும் 30.

வெள்ளிக்கிழமை தம்பி போனைப் பாக்கறான். பாலன்ஸ் 120. மனசுக்குள்ள கணக்குப் போட்டா 300-ல 60, 30 போக 210 இருக்கணும். "அண்ணாச்சி, என் 90 ரூபா எங்கே?"ன்னு கேட்டான். கவுன்ட்டர்ல இருந்தவர் சும்மா விடலை. "ரெண்டு தடவை ரீஃபண்ட் வாங்கிட்டு எங்களையே கேக்கறியா?"ன்னு க்யூல நின்ன அத்தனை பேர் முன்னாடியும் சத்தம் போட்டுட்டார். பையன் முகம் செத்துப்போச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, ரெண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ரீஃபண்ட் ரெண்டு தடவை விழுந்தது நிஜம். தம்பிக்கு 90 ரூபா குறையறதும் நிஜம். எப்படி? சொல்றேன்.

ஊமை நம்பர்

நம்ம ஃபைனல் இயர் ஹீரோக்கள் டேட்டாபேஸ்ல ஒவ்வொரு ஸ்டூடன்ட் பேருக்கு எதிரேயும் ஒரே ஒரு நம்பர் வெச்சிருந்தாங்க. அதுக்குப் பேரு பாலன்ஸ். டாப்-அப் வந்தா அந்த நம்பரைக் கூட்டு, சாப்பிட்டா கழி, பழைய நம்பரை அழிச்சுட்டு புதுசை எழுது. அவ்வளவுதான் மேட்டர்.

வெள்ளிக்கிழமை காலைல ஒரு ஹீரோ கணக்கைப் பாத்து, "அடடா, இந்தத் தம்பிக்கு ரீஃபண்ட் டபுளா போயிருக்கே"ன்னு 300-ல இருந்து 90-ஐக் கழிச்சு 210 ஆக்கிட்டார். சரியான வேலை. மத்தியானம் அண்ணாச்சி ரெண்டாவது ஹீரோகிட்ட அதே கம்ப்ளெயின்ட்டைச் சொல்ல, அவரும் கடமை தவறாம இன்னொரு 90-ஐக் கழிச்சார். 120. ரெண்டு பேருமே அடுத்தவர்கிட்ட சொல்லலை. சொல்லணும்னு தோணவும் இல்லை.

இப்ப அந்த 120-ஐப் பாத்து என்ன கேட்டாலும் பதில் வராது. நீ எப்படி 120 ஆனே? யார் கழிச்சாங்க? எதுக்கு? ஊமை நம்பருக்கு வாய் கிடையாது. பழைய நம்பரை அழிச்சு எழுதும்போதே சாட்சியையும் அழிச்சாச்சு. பழைய கோடு போட்ட நோட்டா இருந்தா அடிச்சுத் திருத்தின கோடாவது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்!

வைத்தியம் நம்ம மளிகைக்கடைக்காரர்களுக்கு எப்பவோ தெரிஞ்சதுதான். பேரேடு. கம்ப்யூட்டர் பசங்க பாஷைல லெட்ஜர். அதோட சட்டம் ஒண்ணே ஒண்ணு. நடந்தது ஒவ்வொண்ணையும் ஒரு வரியா எழுதணும், எழுதின வரியை அழிக்கவும் கூடாது, திருத்தவும் கூடாது. பாலன்ஸை எங்கேயும் எழுதி வைக்கவே வேணாம். கேக்கும்போது வரிகளைக் கூட்டிக் கழிச்சுச் சொன்னா போதும்.

யார் நோட்டுல இருந்து பாக்கறோம்?

ப்ளஸ் ஒன்ல காமர்ஸ் எடுத்தவங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம். பற்று, வரவு, அதாவது டெபிட், கிரெடிட் இங்கேதான் வருது. சயின்ஸ் குரூப் பசங்க ஓடாதீங்க, ரெண்டே நிமிஷம்.

ஒவ்வொரு நடவடிக்கையையும் ரெண்டு இடத்துல எழுதணும். ஒரு கணக்குல பற்று, இன்னொரு கணக்குல அதே தொகை வரவு. பணம் எங்கேயோ இருந்து கிளம்பி எங்கேயோ போய்ச் சேருது, அந்த ரெண்டு முனையையும் சொல்லியாகணும். இதுக்குப் பேரு இரட்டைப் பதிவு முறை. வெனிஸ் வியாபாரிகள் கையாண்டுக்கிட்டிருந்த இந்த வழக்கத்தை லூக்கா பாசியோலிங்கற துறவி, கணக்கு வாத்தியார், 1494-ல தன் புத்தகத்துல விளக்கி அச்சடிச்சார். 500 வருஷத்துக்கு மேல ஆகியும் அடிப்படை மாறலை.

எல்லாரும் குழம்பற இடம் ஒண்ணு இருக்கு. உங்க அக்கவுண்ட்ல பணம் விழுந்தா பேங்க்ல இருந்து 'கிரெடிட்' ஆச்சுன்னு எஸ்.எம்.எஸ். வருது. ஆனா காமர்ஸ் புக்ல, ரொக்கம் உள்ளே வந்தா ரொக்கக் கணக்குல பற்றுன்னு இருக்கு. எது சரி? ரெண்டுமே சரி. எஸ்.எம்.எஸ். பேசறது பேங்கோட நோட்டுல இருந்து. நீங்க போட்ட பணம் பேங்குக்கு சொத்து இல்லை, உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். கடன் கூடினா வரவு, குறைஞ்சா பற்று.

கேன்டீன் வாலட்டும் இதே கதைதான். கணக்கு எழுதறது அண்ணாச்சியோட நோட்டுல. தம்பி 300 கொடுத்தா அண்ணாச்சி 300 சம்பாதிச்சுட்டார்னு அர்த்தம் இல்லை. 300 ரூபாய்க்கு சாப்பாடு போடக் கடன்பட்டிருக்கார்னு அர்த்தம். சாப்பாடு போட்டப்புறம்தான் அது விற்பனை. இதைப் புரிஞ்சுக்கிட்டா மூணு நடவடிக்கையும் தானா வரும்.

டாப்-அப்: ரொக்கம் பற்று, தம்பி வாலட் வரவு.
செலவு: தம்பி வாலட் பற்று, விற்பனை வரவு.
ரீஃபண்ட்: விற்பனைத் திருப்பம் பற்று, தம்பி வாலட் வரவு.

ரீஃபண்டை விற்பனைல நேராக் கழிக்காம 'விற்பனைத் திருப்பம்'னு தனிக் கணக்குல ஏன் எழுதணும்? வித்தது எவ்வளவு, திரும்பினது எவ்வளவுன்னு தனித்தனியா தெரியணும்ல? தினமும் ஃப்ரைடு ரைஸ் தீர்ந்துபோய் பணம் திரும்புதுன்னா, அண்ணாச்சி அரிசியைக் கூட்டிப் போடணும்னு அந்தக் கணக்கே சொல்லிடும்.

தம்பியோட வாரத்தை ரீவைண்ட் பண்ணுவோம்

அதே வாரம், இப்ப பேரேட்டுல. தம்பி வாலட் பக்கத்தை மட்டும் பாருங்க.

திங்கள், டாப்-அப்: வரவு 300. இருப்பு 300.
செவ்வாய், சாப்பாடு: பற்று 60. இருப்பு 240.
புதன், ஃப்ரைடு ரைஸ்: பற்று 90. இருப்பு 150.
புதன், ரீஃபண்ட்: வரவு 90. இருப்பு 240.
புதன், அதே ரீஃபண்ட் மறுபடியும்: வரவு 90. இருப்பு 330.
வியாழன், டீ, பஜ்ஜி: பற்று 30. இருப்பு 300.

அஞ்சாவது வரி கண்ணுல குத்துதா? ஒரே ஆர்டருக்கு ரெண்டு ரீஃபண்ட். பையன் ஒண்ணும் பண்ணலை, கவுன்ட்டர்ல ரெண்டு தட்டு விழுந்திருக்குன்னு நேரத்தோட தெரியுது. சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனா இங்கே ஒரு உஷார் தகவல். பற்றும் வரவும் சமமா இருந்தா கணக்கு சரின்னு நம்பி ஏமாந்துடாதீங்க. இந்த ரெட்டை ரீஃபண்ட்லயும் சமமாத்தான் இருக்கும்! ரெண்டாவது தடவையும் விற்பனைத் திருப்பத்துல பற்று 90, வாலட்ல வரவு 90. அழகா டேலி ஆகும். ஒரு முனையை மட்டும் எழுதி மறு முனையை விட்டா அந்த டேலி பிடிக்கும். ஒரே விஷயத்தை முழுசா ரெண்டு தடவை எழுதினா பிடிக்காது. அதுக்குத் தனிப் பூட்டு வேணும்.

பூட்டுக்குப் பேரு ரெஃபரன்ஸ்

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, உங்க ஏரியா வந்தாச்சு. ரெண்டே ரெண்டு டேபிள் போதும். நடவடிக்கைக்கு ஒண்ணு, அதோட பற்று வரவு வரிகளுக்கு ஒண்ணு.

```sql
CREATE TABLE txn (
  id   INTEGER PRIMARY KEY,
  ref  TEXT NOT NULL UNIQUE,
  note TEXT
);
CREATE TABLE entry (
  txn_id  INTEGER NOT NULL REFERENCES txn(id),
  account TEXT NOT NULL,
  debit   INTEGER NOT NULL DEFAULT 0,
  credit  INTEGER NOT NULL DEFAULT 0
);
```

தொகையை முழு எண்ணா, பைசால வெச்சிருக்கேன். 90 ரூபான்னா 9000. காரணம், தசமப் புள்ளி வெச்ச `float`-ஐ நம்பினா, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினதுக்கு கம்ப்யூட்டர் 0.30000000000000004-னு விடை சொல்லும். பரீட்சைல நாம எழுதினா முட்டை மார்க், அது சொன்னா மட்டும் சரியா?

இதுல உயிர்நாடி `UNIQUE`-ங்கற ஒரே வார்த்தைதான். ஃப்ரைடு ரைஸ் ஆர்டர் நம்பர் 417-னு வெச்சுக்கோங்க. ரீஃபண்டோட `ref` எப்பவும் `REFUND-417`. எத்தனை தடவை தட்டினாலும் அதே பேருதான் வரும். முதல் தட்டுல உள்ளே போகும், ரெண்டாவது தட்டுல டேட்டாபேஸ் கதவைச் சாத்திடும்.

```sql
BEGIN IMMEDIATE;
INSERT INTO txn VALUES (59, 'REFUND-417', 'item over');
INSERT INTO entry VALUES (59, 'sales_return', 9000, 0);
INSERT INTO entry VALUES (59, 'wallet:2107', 0, 9000);
COMMIT;
```

நிறைய பேர் கோட்டை விடற இடம் ரெண்டு. ஒண்ணு, `ref`-ஐ நேரத்தை வெச்சோ, குலுக்கல் நம்பரை வெச்சோ உருவாக்கறது. அப்படிப் பண்ணா ஒவ்வொரு தட்டுக்கும் புதுப் பேரு பிறக்கும், பூட்டுக்கு வேலையே இருக்காது. பேரு பட்டன்ல இருந்து வரக்கூடாது, ஆர்டர்ல இருந்து வரணும். ஒரே ஆர்டர்ல ரெண்டு ஐட்டம் இருந்து ஒண்ணை மட்டும் திருப்பறதுன்னா, ஐட்டம் நம்பரையும் பேரோட சேத்துக்கோங்க.

ரெண்டாவது, முதல் `INSERT` தோத்துப்போனா அதோட நிறுத்தி `ROLLBACK` பண்ணணும். எஸ்.க்யூ.லைட்ல அந்த ஒரு வரி மட்டும்தான் தோக்கும், மொத்தமும் தானா ரத்தாகாது. உங்க புரோகிராம் அந்த எர்ரரைக் கண்டுக்காம அடுத்த வரிக்குப் போச்சுன்னா, பற்றும் வரவும் மறுபடி உள்ளே விழுந்துடும். பூட்டைப் போட்டுட்டு ஜன்னலைத் திறந்து வெச்ச கதைதான்.

இதே தந்திரம் டாப்-அப்புக்கும் உதவும். யு.பி.ஐ. பேமென்ட்டுக்கு 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பர் வருதுல்ல, அதையே `ref`-ஆ வெச்சுடுங்க. 'பணம் வந்துடுச்சு'ங்கற சேதி நெட் தகராறுல ரெண்டு தடவை வந்தாலும் வாலட்ல ஒரு தடவைதான் ஏறும்.

பாலன்ஸ் வேணுமா? கேளுங்க, சொல்லும்.

```sql
SELECT (SUM(credit) - SUM(debit)) / 100.0
FROM entry WHERE account = 'wallet:2107';
```

ரப்பர் வேணாம், எதிர் வரி எழுது

சரி, பூட்டு போடறதுக்கு முன்னாடியே தப்பு நடந்துடுச்சு. எப்படித் திருத்தறது? அஞ்சாவது வரியை டெலீட் பண்ணலாமான்னு கை பரபரக்கும். கூடாது பாஸ்! தம்பி ஏற்கெனவே போன்ல 330-னு பாத்துட்டான். வரி காணாம போனா அவன் பாத்தது பொய்யாயிடும்.

தப்பான வரி அப்படியே கிடக்கட்டும். அதுக்கு நேர் எதிரா ஒரு வரி எழுதுங்க. வாலட்ல பற்று 90, விற்பனைத் திருப்பத்துல வரவு 90. காரணம்: 'ரீஃபண்ட் ரெண்டு தடவை பதிவாச்சு'. இருப்பு 300-ல இருந்து 210 ஆகும். சரியான விடை.

இப்ப அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு வாங்க. ரெண்டாவது ஹீரோ கடமையோட வந்து உக்காரறார். அந்த எதிர் வரிக்கும் ஒரு `ref` உண்டு. தப்பான நடவடிக்கை நம்பர் 60-ன்னா, எதிர் வரி `REVERSE-60`. அவர் அதையே எழுதப் போனா டேட்டாபேஸ் தடுக்கும். ஏன்னு பாத்தா, காலைலயே நண்பர் திருத்தின வரி காரணத்தோட இருக்கும். தம்பி க்யூல அவமானப்பட்டிருக்க மாட்டான்.

இன்னொண்ணும் கவனிங்க. பழைய முறைல 90-ஐக் கழிக்கறவங்க அது எங்கே போச்சுன்னு சொல்ல வேண்டியதே இல்லை. நம்பரைக் குறைச்சா போதும். இரட்டைப் பதிவுல மறு முனையைச் சொல்லாம விட்டா டேலி காட்டிக்கொடுத்துடும். யாராவது ஒரு ஆளோட வாலட்ல கை வெச்சா, அந்தக் காசு எந்தக் கணக்குக்குப் போச்சுன்னு பக்கத்துலயே தெரியும்.

ரெண்டு கவுன்ட்டர், ஒரு பாலன்ஸ்

உங்க வாலட்ல 100 ரூபா. நீங்க ஒரு கவுன்ட்டர்ல 90 ரூபா ஃப்ரைடு ரைஸ் சொல்றீங்க. அதே நொடில உங்க உயிர் நண்பன், உங்க நம்பரைச் சொல்லி அடுத்த கவுன்ட்டர்ல இன்னொரு 90 ரூபா ரைஸ் வாங்கறான். ரெண்டு கம்ப்யூட்டரும் பாலன்ஸைப் பாக்குது. ரெண்டுக்கும் 100-னு தெரியுது. ரெண்டும் 'ஓகே' சொல்லுது.

ஊமை நம்பர் முறைல ரெண்டுமே '10'-னு எழுதும். கடைசில பாலன்ஸ் 10, போனது ரெண்டு ரைஸ். அண்ணாச்சிக்கு 90 நஷ்டம், யாருக்கும் தெரியாது. பேரேட்டுல ரெண்டு பற்று வரியும் இருக்கும், இருப்பு கழித்தல் 80-ன்னு பல்லைக் காட்டும். தப்பு நடந்தாலும் மறையாது. நடக்காமலே தடுக்கணும்னா, பாலன்ஸ் பாக்கறதையும் வரி எழுதறதையும் பிரிக்காம ஒரே மூச்சுல செய்யணும். மேலே இருக்கற `BEGIN IMMEDIATE` அதுக்குத்தான். எஸ்.க்யூ.லைட்ல அது எழுதற உரிமையை ஆரம்பத்துலயே ஒருத்தருக்குக் கொடுத்துடும். அவர் முடிக்கற வரைக்கும் அடுத்தவர் எழுத முடியாது. அதுக்கு அப்புறம் பாலன்ஸைப் பாத்துட்டு எழுதுங்க.

போனஸ் வில்லங்கம்

'500 போட்டா 50 இலவசம்!' போர்டு வெச்சா கூட்டம் அள்ளும். ஆனா அந்த 50-ஐ அதே வாலட் கணக்குல கொட்டிடாதீங்க. அது நீங்க கொடுத்த காசு இல்லை, அண்ணாச்சி விளம்பரத்துக்குப் பண்ற செலவு. விளம்பரச் செலவு பற்று 50, 'போனஸ் வாலட்'னு தனிக் கணக்குல வரவு 50.

ஏன் தனியா? போனஸ் மாசக் கடைசியோட காலாவதின்னு வெச்சுக்கோங்க. புத்திசாலி ஒருத்தர் 30-ம் தேதி 100 ரூபாய்க்கு மறுநாள் சாப்பாட்டை புக் பண்றார். அதுல போனஸ் 50, சொந்தக் காசு 50. 1-ம் தேதி கேன்சல் பண்றார். ரீஃபண்ட் முழு 100-ம் சொந்தக் காசு கணக்குல ஏறினா, செத்துப்போக வேண்டிய போனஸ் 50 சாகா வரம் வாங்கிடுச்சு! அதனால பணம் எந்தக் கணக்குல இருந்து எவ்வளவு போச்சோ, ரீஃபண்ட் அந்தந்தக் கணக்குக்கே அதே அளவுல திரும்பணும். ஆர்டர் வரிகள் பேரேட்டுல பிரிஞ்சு கிடக்கறதால, அதைப் பாத்து அப்படியே திருப்பி எழுதறது ஈஸி.

பேரேட்டுக்கும் தெரியாதது

இவ்வளவு பண்ணியும் பேரேடு கண்டுபிடிக்க முடியாத தப்பு ஒண்ணு உண்டு. தம்பி 300 கொடுத்து, கவுன்ட்டர்ல 200-னு அடிச்சா? ரொக்கம் பற்று 200, வாலட் வரவு 200. கச்சிதமா டேலி. `ref`-ம் சரி. ஆனா பொய். பேரேடு தனக்குச் சொன்னதைத்தான் சொல்லும். கல்லாப்பெட்டிக்குள்ள எட்டிப் பாக்க அதுக்குக் கண் இல்லை.

அதனால தினமும் ராத்திரி கடை மூடும்போது ரொக்கக் கணக்கு சொல்ற தொகையையும் கல்லால இருக்கற நோட்டையும் ஒப்பிடணும். யு.பி.ஐ.க்கு பேங்க் ஸ்டேட்மென்ட்டை வெச்சு வரிக்கு வரி டிக் அடிக்கணும். அன்னிக்கே பாத்தா 100 ரூபா எங்கே தவறுச்சுன்னு ஞாபகம் இருக்கும். மாசக் கடைசில பாத்தா சண்டைதான் மிஞ்சும். நம்ம பங்குக்கு, டாப்-அப் பண்ணதும் வர்ற மெசேஜை கவுன்ட்டரை விட்டு நகரறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடணும்.

அந்த ஒப்பீட்டுல அண்ணாச்சிக்கும் ஒரு பாடம் இருக்கு. தம்பி கணக்கையே எடுங்க. கல்லால 300. அதுல விற்பனை 60-ம் 30-ம் சேர்த்து 90. மீதி 210 தம்பியோடது. மொத்த காலேஜுக்கும் இப்படிக் கூட்டினா, கல்லால இருக்கறதுல பெரும்பகுதி பசங்களோட பணமா இருக்கலாம். அதைத் தன் லாபம்னு நினைச்சு புது ஃப்ரிட்ஜ் வாங்கிட்டா, அடுத்த மாசம் அரிசி வாங்கக் காசு இருக்காது. எல்லா வாலட்டோட கூட்டுத்தொகை எவ்வளவோ, அவ்வளவு கடன் தலைமேல இருக்கு.

ப்ராஜெக்ட்டா பண்ணப் போறவங்களுக்குக் கடைசியா ஒரு வார்த்தை. ஒரு கடை தன் சொந்தப் பொருளுக்கு மட்டும் வெச்சுக்கற, ரொக்கமா எடுக்க முடியாத வாலட்டுக்கு ரிசர்வ் பேங்க் அனுமதி தேவையில்லை. அதையே பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கும், ஜூஸ் கடைக்கும் செல்லுபடியாக்கினா கதை வேற. முதலாளி வேற வேறன்னா அங்கே ரிசர்வ் பேங்க் விதிகள் உள்ளே வரும். ஆர்வக் கோளாறுல அந்தக் கோட்டைத் தாண்டிடாதீங்க.

நம்ம தம்பி கதைக்கு வருவோம். சனிக்கிழமை ரெண்டு ஹீரோக்களும் தற்செயலா ஒரே பெஞ்சுல டீ குடிக்க உக்காந்தாங்க. "அந்த ரீஃபண்ட் மேட்டரை நான் சரி பண்ணிட்டேன்டா"ன்னார் ஒருத்தர். "நானும்தான்டா"ன்னார் இன்னொருத்தர். டீ ஆறிப்போச்சு. நேரா போய் அண்ணாச்சிகிட்ட விஷயத்தைச் சொன்னாங்க. கவுன்ட்டர்காரர் அன்னிக்கு மத்தியானம் அதே க்யூ முன்னாடி, "தம்பி, தப்பு எங்க மேலதான்"னு சொல்லி 90 ரூபாயைத் திருப்பி ஏத்தினார்.

அந்த ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காரலைன்னா? அந்தப் பையன் படிப்பு முடிச்சுப் போற வரைக்கும் 'ரீஃபண்ட் திருடன்'தான். ஒருத்தனோட நல்ல பேரு, ரெண்டு பேர் தற்செயலா டீ குடிக்க வர்றதை நம்பி இருக்கலாமா?

இப்ப உங்க போனை எடுங்க. நீங்க காசு போட்டு வெச்சிருக்கற ஏதாவது ஒரு கடை வாலட்டைத் திறங்க. பாலன்ஸை விடுங்க, ஹிஸ்டரிக்குப் போங்க. கடைசி ரீஃபண்ட் எந்த ஆர்டருக்கு வந்ததுன்னு அதுல எழுதியிருக்கா? ஒவ்வொரு வரியையும் கூட்டிக் கழிச்சா மேலே இருக்கற பாலன்ஸ் வருதா? வந்தா அதை எழுதின பசங்களுக்கு மனசுக்குள்ள ஒரு சல்யூட். வரலைன்னா ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு, நாளைக்கு க்யூ சேர்றதுக்கு முன்னாடியே போய் கேட்டுடுங்க!